இடம் இருக்கிறது, எண் இல்லை

வெயில் காலத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் நல்ல செய்தி சொல்வதற்காகக் கூப்பிடுவதில்லை. வில்லியனூரில் ஒரு சின்னக் கடை வைத்துக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்க்க மறந்த மூன்று பிரிண்டர். சுற்றுவட்டாரத்தில் லினக்ஸ் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவனை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணை மூடியிருந்தேன். பாகூர் பக்கத்து ஊர் ஒன்றின் பால் சங்கத் தலைவர் போன் செய்தார்.

"இன்ஜினியரே, பொட்டி படுத்துகிச்சு."

நான் இன்ஜினியர் இல்லை. டிப்ளமோ, அதிலும் இரண்டு பாடம் இன்னும் பாக்கி. அதைச் சொன்னால் கூலியைக் குறைப்பார்கள் என்பதால் அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"இன்னா காட்டுது தலைவரே?"

"எடம் இல்லன்னு காட்டுது. காலைலேந்து ஒருத்தர் பாலும் ஏறல. கையால எழுதி ரெண்டு பேருக்கு வாய்ச்சண்ட. எல்லாம் அந்த டெஸ்ட் எடுக்கிற பொண்ணு பண்ண வேல. தங்கச்சி கல்யாண வீடியோவைக் கொண்டாந்து சங்கத்துப் பொட்டில ஏத்தி வச்சிகீது. சாயந்திரப் பாலுக்குள்ள சரி ஆவலன்னா அதை வேலைய வுட்டு அனுப்பிடுவேன். சரி ஆனாலும் அனுப்பலாம்னுதான் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டார். எழுந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அதுவும் என்னைப் போலத்தான், முதல் உதையில் எழாது.

கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போனேன். போன வருடம் நெல் நின்ற இடத்தில் இப்போது வெள்ளைக் கல் நின்றது. மனை எண் போட்ட கல். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண்ணைக் கரித்தது. இந்த வயதிலும் அடுத்தவன் டிஸ்க்குக்காக வேகாத வெயிலில் ஓடுகிறோமே என்று என் மேலேயே ஒரு பரிதாபம் வந்தது. எதிரே வந்த டவுன் பஸ் ஒரு கை மண்ணை வாரி முகத்தில் அடித்து அந்தப் பரிதாபத்தைத் துடைத்துவிட்டுப் போனது.

சங்கம் என்பது ஒரு நீளக் கூடம். வாசல் பக்கம் மின்னணுத் தராசு. அதன் அருகே பாலைச் சோதிக்கும் கருவி. மூலையில் அழுக்கு பிடித்த கம்ப்யூட்டர். உறுப்பினர் பாலைத் தராசில் வைத்தால் எடை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். சோதனையில் வந்த கொழுப்பு அளவும் சேர்ந்து ஒரு சீட்டு வெளியே வரும். ஒவ்வொரு முறை பால் ஊற்றுவதற்கும் ஒரு புதுக் கோப்பு உருவாக வேண்டும். அன்று அதுதான் உருவாகவில்லை.

சோதனை எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் கடலூர் பக்கம் கூலிக்குப் போகிறவர். இந்த வேலையில்தான் அந்த வீடு நிற்கிறது என்று முன்பே தெரியும். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள்.

"அண்ணா, வீடியோ போட்டது நெஜந்தான். போன்ல எடமில்ல. எடுத்து வச்சி நாலு மாசமாச்சி. அதுக்கா இப்டி ஆவும்?"

"ஆவலாம். பாப்போம்," என்றேன். டாக்டர்கள் சொல்லும் அதே குரலில். அந்தக் குரலுக்குத்தான் ஜனங்கள் காசு தருகிறார்கள்.

தலைவர் பின்னால் வந்து நின்றுகொண்டார். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். பாதிக்கு மேல் காலி.

"பாதி காலின்னு காட்டுதேபா?"

"ஆமாம்."

"அப்புறம் எதுக்கு எடம் இல்லன்னு சொல்லுது?"

அது நியாயமான கேள்வி. பதில் தெரியாத நியாயமான கேள்விகளுக்கு என்னிடம் ஒரு வழி உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். துடைத்தேன். ஒரு புதுக் கோப்பு உருவாக்கிப் பார்த்தேன். இடம் இல்லை என்றது. நிர்வாகி அதிகாரத்தோடு செய்தேன். அதற்கும் அதையே சொன்னது. எனக்கும் தலைவருக்கும் அது ஒரே மரியாதைதான் கொடுத்தது.

"வீடியோவைத் தூக்கு," என்றார் தலைவர். "அதான் அடைச்சிகினு கீது."

காலியாக இருப்பதைக் காலி செய்து என்ன பயன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வெயில், சோறு, தூக்கம். கேட்கவில்லை. கல்யாண வீடியோ நாலு துண்டாக இருந்தது. அழிக்கப் போனேன்.

"அண்ணா, அந்த ஒண்ணுதான் இருக்கு. வீடியோக்காரன் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

சரி, முதலில் நகல் எடுப்போம் என்று பையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். திரையில் அது வரவே இல்லை. கேபிளை மாற்றினேன். துளையை மாற்றினேன். கேபிளை வாயால் ஊதினேன். துளையையும் ஊதினேன். புது டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் அதற்காக ஒரு புது ஃபோல்டர் உருவாக்கும், அந்த ஃபோல்டரைக்கூட அதனால் உருவாக்க முடியவில்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கடைசியில், ஏற்கெனவே இருந்த ஒரு காலி ஃபோல்டரில் கையால் இணைத்து நகலை ஓடவிட்டேன். அது ஊர்ந்தது. தாலி கட்டும் நேரத்தைவிட அதன் நகலுக்கு அதிக நேரம் பிடித்தது.

வாசலில் கேன்கள் சேர ஆரம்பித்தன.

"இன்னா இன்ஜினியரே, கல்யாணம் முடிஞ்சிதா? பந்தி எப்ப?" என்றார் ஒரு பெரியவர்.

"மொய் வச்சிட்டுத்தான் சாப்டணும்," என்றேன். சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும்தான்.

வேலை நடக்கும்போது குறுக்கே எதுவும் எழுத வேண்டாம் என்று தராசு நிரலை நிறுத்தி வைத்திருந்தேன். நகல் முடிந்ததும் நாலு துண்டையும் அழித்தேன். ஒரு சோதனைக் கோப்பு உருவாக்கிப் பார்த்தேன். உருவானது!

நாற்காலியோடு திரும்பி, "சரியாப் போச்சு!" என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தேன். நேராகத் தலைவரைப் பார்த்துச் சொன்னதுதான் தப்பு.

"பாத்தியா? வீடியோதான்," என்றார் அவர் எல்லார் முன்னாலும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை அனுப்புவதற்கு என் வாயாலேயே சாட்சி வாங்கியாயிற்று.

தராசு நிரலைத் திரும்ப ஓடவிட்டேன். முதல் உறுப்பினர் கேனைத் தூக்கி வைத்தார். எடை வந்தது. பொத்தானை அழுத்தினாள். இடம் இல்லை.

"சரியாப் போச்சுன்னீங்களே?" என்றார் கேன்காரர்.

"போச்சு," என்றேன்.

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கவும் அலுப்பாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது நான் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பேன், வேலை நடப்பதுபோல் தெரியும். அப்படித்தான் முந்தாநாள் பதிவு ஒன்றைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தேன். சேமித்துவிட்டது. பழையபடி மாற்றினேன். அதையும் சேமித்தது. புதுக் கோப்பு உருவாக்கினேன். இடம் இல்லை.

டீயைத் தள்ளி வைத்தேன். இருக்கும் கோப்பில் எழுத முடிகிறது, புதிதாக ஒன்று பிறக்க முடியவில்லை. அப்படியானால் தீர்ந்தது இடம் இல்லை.

டிஸ்க்கின் அளவைக் கேட்ட அதே கட்டளையோடு ஆங்கில 'ஐ' என்ற ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துத் தட்டினேன். இம்முறை வந்தது வேறு கணக்கு: நூற்றுக்கு நூறு. மிச்சம் பூஜ்யம். மதியமே இந்த ஒரு எழுத்தைத் தட்டியிருந்தால் இந்நேரம் வில்லியனூரில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

"தலைவரே, நம்ம கரிக்கலாம்பாக்கத்துல மனை போட்டிருக்காங்களே, பாத்தீங்களா?"

"ஏன், வாங்கப் போறியா?"

"என் மூஞ்சிக்கா? கேளுங்க. மனை பிரிக்கும்போதே இத்தினி எண்ணுன்னு கல்லு நட்டுடறான் இல்ல? மாடி வூடு கட்டுனாலும் ஒரு எண்ணு, குடிசை போட்டாலும் ஒரு எண்ணு. எல்லா எண்ணுலயும் ஆளாளுக்கு ஒரு குடிசையைப் போட்டுட்டா? மனையில முக்காவாசி வெத்து நெலம் கெடக்கும். ஆனா புதுசா வர்றவனுக்குக் குடுக்க எண்ணு இருக்காது. இந்த டிஸ்க்லயும் அதான். டிஸ்க்கைத் தயார் பண்ண அன்னிக்கே எத்தினி கோப்பு இருக்கலாம்னு எண்ணு போட்டாச்சி. ஐநோடுன்னு பேரு. அது தீந்துபோச்சி."

"அப்ப வீடியோ?"

"அது மாடி வூடுங்க நாலு. பெருசுதான். ஆனா நாலே எண்ணு."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். அழித்தபோது அந்த நாலு எண் காலியானதால்தான் என் சோதனைக் கோப்பு பிறந்தது. தராசு நிரலை ஓடவிட்டதும் மிச்ச மூன்றையும் வேறு எதுவோ விழுங்கிவிட்டது. குடிசை போடுகிறவன் யார் என்று பிடிக்க வேண்டும்.

எந்த ஃபோல்டரில் எத்தனை கோப்பு என்று எண்ணச் சொன்னேன். வெகுநேரம் திரை அசையவில்லை. கேன்கள் வரிசையில் நின்றன. ஒருவர் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினார். தலைவர் அந்தப் பெண்ணைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். விடை வந்தபோது நான் திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தேன், இந்த முறை நிஜமாகவே. தராசு ஃபோல்டரில் மட்டும் பல லட்சம் கோப்புகள்.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. இந்தச் சங்கத்தில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். மின்னணுத் தராசு வந்த புதிதில், "மொதல்ல ஒண்ணு காட்டுச்சி, அப்புறம் கொறைச்சிக் காட்டுச்சி" என்று தினமும் சண்டை. கடைசியில் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டார்கள். தராசில் எண் எப்போது மாறினாலும் அந்த மாற்றம் பதிவாக வேண்டும். ஒரே கோப்பில் எழுதினால் யாராவது திருத்திவிடலாம், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிக் கோப்பு. அணைத்துப் போட்டால் காலையில் பூஜ்யம் வைப்பதில் சண்டை வரும், அதனால் தராசை அணைக்கவே கூடாது. நிரல் எழுதிக்கொடுத்த கம்பெனி கேட்டபடி எழுதிக்கொடுத்துவிட்டுக் காணாமல் போனது. புத்திசாலிகள்.

ஆனாலும் இந்த ஊர் மாடுகள் எல்லாம் சேர்ந்து கறந்தாலும் இத்தனை லட்சம் வராதே? கோப்பின் பெயரிலேயே நாளும் நேரமும் இருக்கும். சிலவற்றை எடுத்துப் படித்தேன்.

"தலைவரே, ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க யாரு பால் ஊத்தறாங்க?"

"ரெண்டு மணிக்கா? எவன் ஊத்துவான்?"

"யாரோ ஊத்தறாங்க. அஞ்சு கிராம். அடுத்து ஒண்ணுமில்ல. திரும்ப அஞ்சு கிராம். விடிய விடிய. ராத்திரி பூரா, ஒரு நாள் வுடாம."

"அஞ்சு கிராம் கறக்கற மாடு எவன் வூட்டுல கீது?" என்றார் வரிசையில் ஒருவர்.

"உன் வூட்டுலதான். தீனி வச்சாத்தான கறக்கும்," என்றது இன்னொரு குரல்.

எந்த நாளிலிருந்து இந்தப் பேய் கறவை தொடங்கியது என்று பார்த்தேன். வெயில் ஆரம்பித்த நாட்களில். அதற்கு முன் இரவுகளில் ஒரு பதிவும் இல்லை.

"ராத்திரில இங்க யாரு இருக்கறது?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. காவலுக்குப் படுப்பவர் தலைவரின் மச்சான். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னை ஏன்பா பாக்கறீங்க? நான் தராசத் தொட்டதே இல்ல. இந்தப் பெஞ்ச வுட்டு எந்திரிக்கவே மாட்டேன்."

"அது எங்களுக்கே தெரியும்," என்றார் தலைவர்.

பெஞ்சின் தலைமாட்டில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் இருந்தது.

"இது எப்ப வந்துச்சி?"

"வெயிலு வந்தப்ப வந்துச்சி. வூட்டுலேந்து எடுத்தாந்தேன். ஏன், காத்து வாங்கறதுக்கும் பொதுக்குழு கூட்டணுமா?"

எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். காற்று மச்சானைத் தாண்டி நேராகத் தராசுத் தட்டில் போய் விழுந்தது. தராசின் சிவப்பு எண் பூஜ்யத்தில் நிற்காமல் ஆடியது. ஐந்து, பூஜ்யம், பத்து, பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எண். அவர் தூங்கத் தூங்க, கோடை முழுக்க, காற்று பால் ஊற்றியிருக்கிறது.

கூடத்தில் எல்லாரும் கேனைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தார், பாவம். யாரைப் பற்றிய சிரிப்பு என்று அவருக்குக் கடைசியில்தான் புரிந்தது.

"ராத்திரி சாட்சிய மட்டும் அழிச்சிடறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். அஞ்சு கிராமுக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அழிக்கச் சொன்னால் பட்டியல் நீளம் என்று மறுத்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். முழுதும் அழிய வெகுநேரமாகும். ஆனால் அழியத் தொடங்கிய உடனே எண்கள் காலியாகிக்கொண்டே வரும். ஃபேனைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, "வையுங்க கேனை," என்றேன். இந்த முறை 'சரியாப் போச்சு' என்று மட்டும் சொல்லவில்லை.

சீட்டு வெளியே வந்தது. அடுத்தவருக்கும் வந்தது. அதற்கடுத்தவருக்கும்.

தலைவர் என் காதருகே குனிந்தார். "அப்ப இது யாரு தப்பு?"

"நீங்கதான் சொல்லணும். தப்பு பண்ணவங்களை இன்னிக்கே வேலைய வுட்டு அனுப்பறேன்னு போன்ல சொன்னீங்களே."

மச்சானைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தன் வீடும், வீட்டில் மச்சானுடைய அக்காவும் தெரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்:

"மிஷின் கோளாறுதான்பா. யாரு மேலயும் தப்பு இல்ல. யாரையும் யாரும் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல."

தீர்ப்பு அவ்வளவுதான். குற்றம் வேற்று வீட்டில் இருந்தவரை குற்றம், சொந்த வீட்டுக்குள் வந்ததும் கோளாறு. எனக்கு அதைப் பற்றிப் புகார் இல்லை. அவள் வேலை நின்றது. நியாயம் எந்த வழியாக வந்தால் என்ன, அலுத்துப்போனவன் வழி கேட்கமாட்டான்.

கிளம்ப முடியவில்லை. அழித்து முடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும். வீடியோவை என் ஹார்ட் டிஸ்க்கோடு அவளிடம் கொடுத்து, வேறு எங்காவது ஏற்றிக்கொண்டு திருப்பித் தரச் சொன்னேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது. நான் மச்சானுடைய பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உன்னால என் காத்து போச்சு இன்ஜினியரே," என்றார்.

"எனக்குத் தூக்கமே போச்சு," என்றேன்.

வரிசையின் கடைசியில் தலைவர் வீட்டுக் கேன் வந்தது. வேலைக்காரர் ஒருவர் தூக்கிவந்து வைத்தார். அவள் கரண்டியில் மொண்டு கருவியில் ஊற்றினாள். எண் வந்தது. திரும்ப ஒருமுறை ஊற்றிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் சொல்லும் அதே குரலில், அதைவிடச் சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள்:

"தலைவரே, தண்ணி இருக்கு. நேத்து சொன்னேனே, அதே அளவு. போட்டுடறேன்."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்த்தார். மதியத்திலிருந்து அவருக்கு ஏன் அந்த வீடியோ மேல் அவ்வளவு பிடிவாதம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலைவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். சீட்டு வெளியே வந்தது. கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கருவியைக் கழுவ ஆரம்பித்தாள்.